நொய்யல் நாவலில் உப்பின் வேலை

"நொய்யல் ஆற்றுக் கரையை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சாயப்பட்டறை, செத்துப்போன ஆறு, நாசமான தோட்டம் எல்லாம் வருகின்றன. ஆனால் படித்துப் பார்த்தவர்கள் 'சூழல் அழிவு நாடகத் திரை மாதிரி பின்னால் தொங்குகிறது, கதை அதன் முன்னால் தனியாக நடக்கிறது' என்கிறார்கள். அந்த அழிவே கதையை நகர்த்த வேண்டுமென்றால் என்ன செய்வது?"

முதலில் சாயத்தை ஓரமாக வையுங்கள். ஆறு சிவப்பாக ஓடியது, நீலமாக ஓடியது, நுரை பொங்கியது என்றுதான் இந்த விஷயத்தை எழுதும் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். அது கண்ணில் படுகிற காட்சி. ஆனால் காட்சி கதையை நகர்த்தாது. நொய்யல் கரைத் தோட்டங்களை அழித்ததில் பெரும்பங்கு உப்புக்கு உண்டு. உப்பு கண்ணுக்குத் தெரியாது, வடிகட்டினால் போகாது, வருஷக்கணக்கில் சேரும், ஓரிடத்தில் விட்டது இன்னோரிடத்தில் கிளம்பும். ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான எதிர்த்தரப்பு கிடைப்பது அரிது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் அத்தியாயங்களின் வரிசை பாதி தானே அமைந்துவிடும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குள் நடப்பதைப் பார்ப்போம். பருத்தித் துணியைத் தண்ணீரில் போட்டால் அதன் மேல் எதிர்மின் தன்மை ஏறும். பனியன் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே எதிர்மின் தன்மைதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும், சாயம் துணியில் ஏறாமல் தண்ணீரிலேயே நிற்கும். அந்தத் தள்ளுதலை அடக்கத்தான் உப்பைக் கொட்டுகிறார்கள். சாதாரண உப்பாக இருக்கும், அல்லது கிளாபர் உப்பு எனும் சோடியம் சல்பேட்டாக இருக்கும். உப்பு சாயத்தைத் துணிக்குள் விரட்டும், பிறகு சோடா ஆஷ் போட்டதும் சாயம் இழையோடு பிணைந்துகொள்ளும். இங்கேதான் உங்கள் கதைக்கான விதை இருக்கிறது. சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடுகிறது, உப்பு துணியில் தங்குவதில்லை. உள்ளே போன மூட்டை அத்தனையும் கழிவுத் தண்ணீரில் கரைந்தபடி வெளியே வருகிறது.

ஒரு நடுத்தரப் பட்டறைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 1,000 கிலோ துணி, கிலோவுக்கு 8 லிட்டர் சாயத்தண்ணீர் என்றால் 8,000 லிட்டர். லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்று வைத்தால் ஒரு நாளுக்கு 480 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டையில் ஏறக்குறைய பத்து. வருஷத்தில் 300 நாள் ஓடினால் 144 டன். சலவை, அலசல் எல்லாம் சேர்த்துக் கிலோ துணிக்கு 80 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று கொண்டால், அந்த 480 கிலோ உப்பு 80,000 லிட்டரில் கலந்து வெளியேறும். லிட்டருக்கு 6,000 மில்லிகிராம். ஆற்றில் விடும் கழிவில் கரைந்த உப்புகள் 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஏறக்குறைய மூன்று மடங்கு. இத்தனைக்கும் சோடா ஆஷை நாம் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கம். வெளிர் நிறத்துக்குக் குறைந்த உப்பு போதும். கறுப்பு, கருநீலம் என்றால் லிட்டருக்கு 80 கிராம், அதற்கு மேலும் போகும். ஐரோப்பாவில் ஏதோ ஒரு கடை அந்தப் பருவத்துக்குக் கறுப்பு டீ-சர்ட் கேட்டால், ஆற்றின் கீழே சென்னிமலைப் பக்கம் ஒரு கிணற்றில் உப்பு கூடும். உலகச் சந்தை பற்றி நாவலில் சொற்பொழிவு வேண்டாம். "இந்தத் தடவ பூராங் கறுப்புதான்" என்று பட்டறைக்காரர் சந்தோஷமாகச் சொல்லும் ஒரு வரி போதும். அந்த வரியைப் படிக்கும்போது வாசகருக்கு வயிறு கலங்க வேண்டும். அப்படிக் கலங்க வேண்டுமானால் உப்புக் கணக்கை அதற்கு முந்திய அத்தியாயத்தில் எங்கேயாவது, போகிற போக்கில், கதைமாந்தர் ஒருவர் வாயால் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது சுத்திகரிப்பு. பல பட்டறைகள் சேர்ந்து அமைத்த தொடக்க காலப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவில் சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டுக் கலக்குவார்கள். நிறம் திரிந்து கசடாக அடியில் படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். நிறம் போய்விட்டது, உப்பு அப்படியே இருக்கிறது. போட்ட மருந்துகளால் சில சமயம் கொஞ்சம் கூடியும் இருக்கும். கதைக்கு இது பெரிய திருப்பம். அதுவரை சாட்சியாக இருந்த நிறம் மறைந்துவிடுகிறது. அதிகாரி வந்து பார்க்கிறார், தெளிவாக இருக்கிறது. பத்திரிகைக்காரர் படம் எடுக்கிறார், படத்தில் ஒன்றும் விழவில்லை. "இப்பச் சுத்தமாயிருச்சே" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். நேர்மையானவரே தவறான பக்கம் நிற்க நேர்கிற இந்த இடம், பணம் வாங்கிய அதிகாரியை வைத்து எழுதும் பத்துக் காட்சிகளைவிட வலுவானது.

இனி தோட்டம். உப்பு ஒரே நாளில் எதையும் கொல்லாது. நொய்யல் இயல்பில் மழைக்கால ஆறு, கோடையில் மணலாகக் கிடக்கும். பட்டறைகள் பெருகியபின் கோடையிலும் அதில் தண்ணீர் ஓடியது. கீழே இருக்கும் விவசாயிக்கு முதலில் அது கேடாகத் தெரிய வேண்டியதில்லை. மோட்டார் வைத்து இறைத்தால் பயிர் நனையும். முதல் அத்தியாயத்தில் ஒரு கதைமாந்தர் அந்தத் தண்ணீரைக் கண்டு மகிழட்டும். பின்னால் வரும் ஒவ்வொரு இழப்பும் அந்த மகிழ்ச்சிக்குக் கணக்குத் தீர்க்கும்.

பிறகு பயிர்கள் ஒரு வரிசையில் கைவிடும். இந்த வரிசையை மாற்றி எழுதினால் அந்தப் பக்கத்து வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார். சின்ன வெங்காயம், பயறு, மஞ்சள், வாழை போன்றவை முதலில் அடிபடும். வாழை இலையின் விளிம்பு நெருப்புப் பட்டதுபோல் கருகும். விதைத்த வயலில் முளைப்பு திட்டுத்திட்டாக நிற்கும். கரும்பு கொஞ்சம் தாங்கிப் பிறகு குட்டையாகும். பருத்தியும் தென்னையும் அதிக நாள் பிடிக்கும். தென்னை நிற்கிறதே என்று மனிதர் நம்பிக்கொண்டிருக்கையில் குரும்பை உதிரும், காய் சிறுக்கும். கடைசியில் சீமைக்கருவேல் வரும். ஒவ்வொரு படியிலும் விவசாயி ஒரு முடிவு எடுக்கிறார்: மஞ்சளை விட்டுக் கரும்பு, கரும்பை விட்டுத் தென்னை, தென்னையை விட்டு மாட்டுத்தீவனம், அதையும் விட்டு பனியன் கம்பெனி வேன். சூழல் அழிவு கதையை நகர்த்துவது என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுதான். ஒவ்வொரு கட்டமும் ஒரு மனிதரிடமிருந்து ஒரு வாய்ப்பைப் பறிக்க வேண்டும், மிச்சமுள்ளவற்றில் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தத் தேர்வு அடுத்த சிக்கலைக் கொண்டுவர வேண்டும்.

மண்ணுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் நாயகர் போராடித் தோற்கும் அத்தியாயம் இங்கேதான் இருக்கிறது. களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்துவைப்பது கால்சியம். சாயக்கழிவில் வரும் சோடியம் அந்தக் கால்சியத்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். அப்போது துகள்கள் பிரிந்து, மண்ணின் நுண்துளைகள் அடைபடும். மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நிற்கும், காய்ந்தால் ஓடு மாதிரி இறுகும். விடியலில் வரப்போரம் வெள்ளை பூத்திருக்கும். இதற்கு மருந்து ஜிப்சம். அது கால்சியத்தைத் திரும்பக் கொடுக்கும், சோடியம் விடுபடும். ஆனால் விடுபட்ட சோடியத்தைக் கழுவிக் கீழே இறக்க நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். அவருடைய கிணற்றில் இருப்பதோ அதே உப்புத் தண்ணீர். கடன் வாங்கி ஜிப்சம் போட்டு, அதே கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சுகிறார். வேளாண்மை அலுவலர் சொன்னது சரி, இவர் செய்ததும் சரி, பலன் மட்டும் கிடைக்கவில்லை. இந்த அத்தியாயத்தில் யாரையும் கெட்டவராக்க வேண்டியதில்லை.

தள்ளப்பட்ட கால்சியம் எங்கே போகிறது? அதில் ஒரு பகுதி கிணற்றுக்குப் போய்த் தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டுகிறது. ஆகவே முதலில் கண்டுபிடிப்பவர் சமைக்கிறவர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஆண்கள் வாழை இலையைப் பார்த்து நோயா பூச்சியா என்று விவாதித்துக்கொண்டிருக்கும் காலத்தில், வீட்டுப் பெண் பருப்புக்கு மட்டும் வேறு கிணற்றிலிருந்து குடம் சுமக்கத் தொடங்கியிருப்பாள். 1980-களில், 90-களின் தொடக்கத்தில் நடக்கும் கதையில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். கருவியை யார் கையிலும் கொடுக்காதீர்கள். அந்தக் காலத்தின் கருவி நாக்கும் அடுப்பும்தான்.

இனி ஒரத்துப்பாளையம் அணை. நாவலின் நடுப்பகுதியை நான் இதன்மேல்தான் கட்டுவேன். சென்னிமலை அருகே நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த அணை இது. பெரும்பகுதி பாசனம் கீழே கரூர்ப் பக்கத்து நிலங்களுக்கு. ஆனால் மேலிருந்து வந்து தேங்கியது சாயக்கழிவு. சில ஆண்டுகளிலேயே, தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அணையைத் திறந்தால் கழிவு ஆற்றோடு போய்க் காவிரியில் கலக்கும். திறக்காவிட்டால் தேங்கிய நீர் மண்ணுக்குள் கசிந்து சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கெடுக்கும். இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு ஊருக்குக் கேடு. இந்த முடிச்சைக் கற்பனை செய்ய வேண்டிய அவசியமில்லை, நடந்ததே அப்படித்தான். அணையைச் சுற்றியுள்ள ஊர் திறக்கச் சொல்லிச் சாலையில் உட்காரட்டும், கீழே இருக்கும் ஊர் திறக்காதே என்று வரட்டும். இரு ஊருக்கும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு இருக்கட்டும். பட்டறைக்காரர் அந்த மோதலில் இல்லவே இல்லை என்பதை வாசகர் கவனிப்பார், நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம்.

உறவு என்று வந்ததால் உங்கள் பாத்திரங்களுக்கு வருகிறேன். திருப்பூரில் பனியன் தொழிலில் இறங்கியவர்களில் ஏராளமானோர் சுற்றுவட்டார விவசாயக் குடும்பத்தினர். தோட்டத்து வருமானமும் தோட்டத்துப் பத்திரமும்தான் பலருக்கு மூலதனம். பட்டறைகளுக்குத் தண்ணீர் போனதும் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து லாரியில்தான். ஆகவே ஆலை ஒரு பக்கம், உழவன் மறுபக்கம் என்று கோடு கிழித்தால் இடத்துக்கே பொய்யாகிவிடும். ஒரே குடும்பத்துக்குள் கோடு விழ வேண்டும்.

ஒரு மாதிரி வைக்கிறேன். ஒரத்துப்பாளையத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆற்றங்கரையில் நான்கு ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் அண்ணன். தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை திருப்பூரில் பட்டறை போடுகிறார். மெஷின் வாங்க பேங்கில் கடன், அதற்கு அண்ணன் தன் தோட்டத்துப் பத்திரத்தை அடமானமாக வைத்து ஜாமீன் நிற்கிறார். பட்டறையில் தங்கைதான் கணக்கு எழுதுகிறாள். இவ்வளவுதான். இனி உப்பு தன் வேலையைச் செய்யும். பட்டறை நன்றாக ஓட ஓடத் தோட்டத்து விலை விழும். தோட்டத்து விலை விழ விழ, அந்தக் கடனுக்குப் பின்னால் நிற்கும் ஈடு கரையும். கடனை அடைக்க மாப்பிள்ளை இன்னும் அதிகம் துணி ஓட்டியாக வேண்டும், இன்னும் உப்பு. அண்ணன் வழக்குப் போட்டுப் பட்டறை மூடினால் தவணை நிற்கும், பேங்க் வருவது அண்ணன் தோட்டத்துக்கு. வழக்குப் போடாவிட்டால் தோட்டம் தானாகவே போகும்.

மாப்பிள்ளை மோசமான ஆளாக இருக்கக் கூடாது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்குப் பணம் கட்டியவர், மச்சானைக் கூட்டிப்போய்த் தெளிந்த தண்ணீரைப் பெருமையோடு காட்டுகிறவர்.

"பாருங்க மச்சா, கண்ணாடியாட்ட இருக்குது."

"இருக்குதுங்க மாப்ள. ஒரு வாய் ஊத்திப் பாருங்க."

அவர் குடிக்கிறாரா, இல்லையா என்பதோடு அந்த அத்தியாயம் முடியலாம்.

கதையின் உண்மையான ஆவணம் தங்கை கையில் இருக்கிறது. உப்பு துணியில் தங்காது என்றோமே, அப்படியானால் எத்தனை மூட்டை வாங்கினார்கள் என்பதே எத்தனை மூட்டையை வெளியே விட்டார்கள் என்பதற்குக் கணக்கு. அவள் மாதாமாதம் எழுதும் உப்பு பில்தான் அண்ணன் தோட்டத்தின் நோய்க்குறிப்பு. அதை அவள் எப்போது உணர்கிறாள், உணர்ந்தபின் என்ன செய்கிறாள் என்பதுதான் நாவலின் முதுகெலும்பாக இருக்க முடியும். உங்கள் வரைவில் இப்போது அந்த இடத்தில் யாராவது ஒரு பத்திரிகையாளரோ வெளியூர்ப் போராளியோ இருந்தால், அவரை எடுத்துவிட்டு இவளை வையுங்கள்.

சட்டப் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் தெரிந்திருந்தால் போதும். ஒன்று, மாதிரி எடுப்பது. அண்ணன் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனால் அது கவலையைக் காட்டும், சட்டப்படி ஆதாரமாகாது. 1974-ம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டப்படி, பட்டறைக்காரருக்கு அங்கேயே அறிவிப்புக் கொடுத்து, அவர் அல்லது அவர் ஆள் முன்னிலையில் மாதிரி எடுத்து, பாட்டிலுக்கு முத்திரை வைத்து, இருதரப்பும் கையெழுத்திட வேண்டும். அந்த முறை தவறினால் அந்தச் சோதனை முடிவை அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கில் ஏற்க மாட்டார்கள். அறிவிப்புக் கொடுத்து எடுக்கும் மாதிரிக்கும் நள்ளிரவில் வாய்க்காலில் ஓடுவதற்கும் உள்ள தூரத்தில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது.

இரண்டாவது, காலவரிசை. பாசன விவசாயிகளின் அமைப்பான நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது 2003-ல். 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாட்டை 2007 ஜூலைக்குள் செய்யச் சொன்னது. அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசா, பிறகு 8, பிறகு 10 என்று அபராதம் வைத்தது. நம் மாதிரிப் பட்டறையின் 80,000 லிட்டருக்கு 6 பைசா வீதம் நாளுக்கு 4,800 ரூபாய். 2009-ல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பொறுப்பிலிருந்து பட்டறைகளை விடுவிக்கவில்லை. அப்படியும் விதி நடைமுறைக்கு வராததால் 2011 ஜனவரி இறுதியில் சாயப்பட்டறைகளை மொத்தமாக மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்னொன்று: திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009-ல். 1995-ல் நடக்கும் காட்சியில் திருப்பூர் கோவை மாவட்டத்தில் இருக்க வேண்டும்.

அந்த 2011 ஜனவரியை உச்சக்கட்ட வெற்றியாக எழுதிவிடாதீர்கள். விவசாயி வென்ற நாள்தான் அது, சந்தேகமில்லை. ஆனால் தோட்டம் போனதால் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய மகளுக்கு அதே நாளில் வேலை ஆட்டம் காண்கிறது. சாயம் போட வெளியூருக்குத் துணி அனுப்பிக் கம்பெனிகள் சமாளிக்கின்றன. மாப்பிள்ளையின் தவணை நிற்கிறது, பத்திரம் யாருடையது என்பது நினைவிருக்கட்டும். மண்ணில் சேர்ந்த உப்போ எந்த உத்தரவுக்கும் கட்டுப்படாமல் அங்கேயே இருக்கிறது. நல்ல மழைகள் தொடர்ந்து வந்து கழுவினால்தான் அது கீழே இறங்கும், இறங்கியதும் நிலத்தடி நீரில்தான் போய்ச் சேரும்.

பட்டறைகள் திரும்பத் திறக்கும்போது மூன்றாம் பாகம் தொடங்கலாம். இப்போது எதிர்சவ்வூடுபரவல், அதாவது ஆர்.ஓ. கருவி இருக்கிறது. அது கழிவில் பெரும்பகுதியை நல்ல தண்ணீராகப் பிரித்துக் கொடுக்கும். மிஞ்சும் கடும் உப்புநீரை ஆவியாக்கி உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். செலவு பிடிப்பது இந்த ஆவியாக்கும் கட்டத்தில்தான், கொதிகலனுக்கு விறகும் மின்சாரமும் ஓயாமல் வேண்டும். மழை கொட்டும் இரவில் அந்த உப்புநீரை வாய்க்காலில் திறந்துவிட்டால் செலவு மிச்சம், வெள்ளத்தில் யாருக்கும் தெரியாது. உங்கள் மாப்பிள்ளை அந்த இரவில் வால்வு பக்கத்தில் நிற்பார்.

அவர் என்ன செய்தார் என்பதை நீங்கள் சொல்லாமலே விடலாம். மீட்ட உப்பைத் திரும்பப் போட்டால் புதிதாக வாங்கும் மூட்டை வெகுவாகக் குறைய வேண்டும். மாதக் கடைசியில் தங்கை உப்பு பில்களைக் கூட்டுகிறாள், போன மாதத் தொகையோடு ஒப்பிடுகிறாள், நோட்டை மூடாமல் அண்ணனுக்குப் போன் போடுகிறாள்.